ஒரே குழாயில் இரு மருந்துகள்: வார்டுச் செவிலியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த செவிலியச் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும்,

காலை மருந்து வேளையில் கேஸ் ஷீட்டைப் பிரித்தால், ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்துக்கென்று மூன்று நான்கு சிரைவழி மருந்துகள் வரிசையாக எழுதப்பட்டிருப்பதும், அவையனைத்தும் உட்செல்வதற்குக் கையில் ஒரேயொரு வென்ஃப்ளான் மட்டும் இருப்பதும் தாங்கள் அன்றாடம் காணும் நிலைமை. மருத்துவர் எழுதுகையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு தனி வரி உண்டு. நாம் கொடுக்கையிலோ அவை ஒரே குழாயினுள் ஒன்றன்பின் ஒன்றாகவும், சிலபொழுது ஒன்றோடொன்று கலந்தும் பிரயாணம் செய்கின்றன. இரண்டு மருந்துகளை ஒரு குழாயில் விடலாமா என்று எவ்வாறு நிச்சயிப்பது, விடலாகாது என்றால் இடையில் குழாயை எவ்வாறு கழுவுவது என்னும் இரண்டு விஷயங்களைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். கழுவுதலை நாம் ஃப்ளஷ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்து முடிந்தபின் செய்யும் ஒரு சுத்திகரிப்பாகவும் அதை எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது முதல் மருந்தின் கடைசிப் பகுதியைச் செலுத்தும் செயல். ஆகையால் எந்தத் திரவத்தால், எவ்வளவு, எந்த வேகத்தில், எந்த வாயின் வழியாக என்ற நான்கையும், மருந்தின் அளவைக் கவனிப்பது போலவே கவனித்தாக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், வார்டில் அடிக்கடி எதிர்ப்படுவன இரண்டு. முதலாவது அமில காரபேதம். சில மருந்துகள் நீரில் இயல்பாகக் கரைவதில்லை. மிகுந்த காரத்தன்மையிலோ மிகுந்த அமிலத்தன்மையிலோ வைத்தால்தான் கரைந்து நிற்கும். ஃபெனிடாயின் ஊசிமருந்தின் பி.எச். சுமார் 12, அதுவும் போதாதென்று புரோப்பிலீன் கிளைக்காலும் ஆல்கஹாலும் சேர்த்தே அதைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். அமிலச் சார்புடைய டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தை அது சந்தித்த மாத்திரத்தில் காரம் தணிகிறது, கரைப்பானும் நீர்த்துப்போகிறது, கரைந்திருந்த மருந்து வெண்மையான ஊசிப் படிகங்களாக வெளியே வந்துவிடுகிறது. இதே நியாயப்படி, காரத்தில் கரைந்து நிற்கும் ஃபுரோசமைடும், பி.எச். மூன்றின் அருகில் கரைந்து நிற்கும் மிடாசோலமும் ஒரே த்ரீவேயில் சந்தித்தால் குழாய் கலங்குகிறது. இரண்டாவது காரணம் உப்புச் சேர்க்கை. செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத உப்பொன்று உருவாகிறது. நாம் சாதாரணமாக ஏற்றும் ஆர்.எல். திரவத்தில் கால்சியம் இருக்கிறது என்பது பாடத்தில் படித்ததுதான் என்றாலும், பாட்டில் தொங்கும்பொழுது நினைவுக்கு வருவது அரிது.

இவையிரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத மாறுதலும் உண்டு. அட்ரினலினோடு சோடியம் பைகார்பனேட் சேருமானால் திரவம் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்தக் காரத்தில் அட்ரினலின் சிதைந்து வீரியம் குன்றிவிடும். எனவே, குழாய் கலங்கினால் இரண்டும் ஒவ்வாதவை என்று துணிந்து சொல்லலாமேயன்றி, கலங்காததனால் ஒத்துப்போயின என்று சொல்லிவிட முடியாது. புரோப்போஃபால் போன்ற பால்நிற மருந்துகளிலோ, உள்ளே படிகம் உண்டானாலும் வெளியே தெரியவே தெரியாது. கண்ணால் பார்த்து முடிவு செய்வது, இணைப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்கு ஒருபோதும் ஈடாகாது.

அந்தச் சோதனைதான் அட்டவணையைப் பார்த்தல். மருந்தகத்திலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இரண்டு மருந்துகள் சந்திக்கும் கட்டத்தில் குறியிட்ட அட்டவணை இருக்கும். அதற்கு மூலமாக விளங்குவன டிரிஸ்ஸலின் கையேடு போன்ற பெரிய நூல்கள். அட்டவணையைப் பார்க்கிறவர்கள் மூன்று விஷயங்களில் தவறிவிடுகிறார்கள். கட்டம் காலியாக இருந்தால் தடையில்லை என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. காலிக் கட்டத்துக்குப் பொருள், அவ்விரண்டையும் யாரும் சேர்த்துச் சோதித்ததாகத் தகவல் இல்லை என்பதே. சோதிக்கப்படாத ஜோடியை ஒவ்வாத ஜோடியாகவே பாவித்து நடப்பது நலம். இரண்டாவது, செறிவையும் கரைத்த திரவத்தையும் பாராமல் விடுவது. ஒரு குறித்த செறிவில், ஒரு குறித்த திரவத்தில் செய்த சோதனையின் முடிவு, அதைவிடக் கெட்டியாகக் கரைத்த நம் சிரிஞ்சுக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மூன்றாவது, சந்திக்கும் இடத்தை மறப்பது. ஒரே பாட்டிலில் இரண்டையும் கலந்து மணிக்கணக்கில் வைப்பதும், நோயாளியின் கைக்கருகே உள்ள ஒய் வாயில் சில நிமிஷங்கள் மட்டும் சந்திக்க விடுவதும் வேறு வேறு. ஒய் வாயில் அனுமதிக்கப்பட்டது பாட்டிலிலும் அனுமதிக்கப்பட்டது ஆகாது.

இவையெல்லாம் ஒரு படுக்கையருகே எவ்விதம் வந்து சேர்கின்றன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதர் காய்ச்சலோடும் வலிப்போடும் வந்து சேர்கிறார். லோராசிபாம் கொடுத்ததில் வலிப்பு நின்றிருக்கிறது. முன்கையில் ஒரு வென்ஃப்ளான், அதில் த்ரீவே, அதன் வழியாக ஆர்.எல். ஓடிக்கொண்டிருக்கிறது. டியூட்டி டாக்டர் 1000 மில்லிகிராம் ஃபெனிடாயினும், மூளைக்காய்ச்சல் சந்தேகத்தின் பேரில் 2 கிராம் செஃப்ட்ரியாக்சோனும் எழுதுகிறார். இங்கே மூன்று திரவங்கள் இருக்கின்றன. ஃபெனிடாயினை நார்மல் சலைனில் மட்டுமே கலக்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் ஆர்.எல்.லைச் சந்திக்கலாகாது. ஃபெனிடாயினும் செஃப்ட்ரியாக்சோனும் ஒன்றையொன்று சந்திக்க விடுவதற்கில்லை. மூன்றோடும் பகையில்லாத ஒரே திரவம் நார்மல் சலைன்தான்.

ஆகவே கையில் பாட்டிலை எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆர்.எல்.லை நிறுத்திவிட்டு நார்மல் சலைனாகவே ஓட விடலாமா? அவர் சம்மதித்தால் கால்சியத்தைப் பற்றிய கவலையே ஒழிந்துபோகிறது. மற்றொரு கையில் இரண்டாவது வென்ஃப்ளான் போடலாமா? போட முடிந்தால் இரண்டு மருந்துகளும் ஒன்றுக்கொன்று காத்திராமல் தனித்தனியே செல்லும். மூளைக்காய்ச்சலில் ஆன்டிபயாட்டிக்கைத் தாமதிப்பது கேடு என்பதால் இதுவே சிறந்த வழி. இரண்டாவது சிரை கிடைக்கவில்லையென்றால், எது முதலில்? அந்தத் தீர்மானம் மருத்துவருடையது. நாமாக ஊகிக்க வேண்டியதன்று. இரண்டாவது சிரை கிடைக்கவில்லை என்றும், ஃபெனிடாயினே முதலில் என்று அவர் சொன்னார் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதற்காரியமாக ஆர்.எல். செட்டை த்ரீவேயிலிருந்தே கழற்றிவிடுவது உசிதம். திருகை மட்டும் மூடிவிட்டு அதையும் தொங்கவிட்டிருந்தால், பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு இல்லாத செட்டில், புதிய மருந்து மேல்நோக்கி அந்தக் குழாய்க்குள்ளும் ஏறிவிட இடமுண்டு. பின்னர் நாம் எவ்வளவு கழுவினாலும் அந்தப் பங்கு அங்கேயே காத்திருக்கும். அடுத்து, த்ரீவேயின் வாயை ஆல்கஹால் துணியால் நன்றாகத் தேய்த்து உலர விட்டு, 10 மில்லி சலைனை ஒரு 10 மில்லி சிரிஞ்சினால் செலுத்த வேண்டும். இதனால் இரண்டு பயன்கள். ஆர்.எல்.லின் மிச்சம் வெளியேறுகிறது. சிரை திறந்திருக்கிறதா, வீக்கமோ வலியோ உண்டாகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது பயன் ஃபெனிடாயினைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அவ்வளவு காரமான மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தசையையும் தோலையும் அது புண்ணாக்கிவிடும்.

ஃபெனிடாயின் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் இருப்பதால், 1000 மில்லிகிராமுக்கு 20 மில்லி தேவை. அதை 100 மில்லி சலைனில் சேர்த்தால் மொத்தம் 120 மில்லி; ஒரு மில்லியில் ஏறக்குறைய 8 மில்லிகிராம். செறிவு மில்லிக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாகாது என்பதால் பெரிய பாட்டிலில் கலப்பதற்கில்லை. கலந்தவுடனே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தெளிவாக இருந்தால் உடனே தொடங்க வேண்டும். இன்லைன் ஃபில்டர் பொருத்த வேண்டும் என்பதும் மருந்தின் குறிப்பேட்டில் உண்டு. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தலாகாது. 120 மில்லியை முப்பது நிமிஷத்தில் விட்டால் நிமிஷத்துக்கு 4 மில்லி, அதாவது சுமார் 33 மில்லிகிராம். 20 துளி ஒரு மில்லி என்னும் செட்டில் நிமிஷத்துக்கு 80 துளி. பம்ப் இருந்தால் அதில் விடுவதே நல்லது. இ.சி.ஜி.யையும் இரத்த அழுத்தத்தையும் இடைவிடாது கவனித்துவர வேண்டும்.

பாட்டில் காலியாகிறது. கேஸ் ஷீட்டில் மருந்து முடிந்தது என்று எழுதும் அந்தத் தருணத்தில்தான் நான் உங்களைச் சற்றே நிறுத்த விரும்புகிறேன். பாட்டில் காலி; குழாய் காலியில்லை. துளியறை தொடங்கி நுனிவரை செட்டினுள் சுமார் 15 மில்லி மருந்து நிற்கிறது என்று கொள்ளுங்கள். மில்லிக்கு 8 மில்லிகிராம் வீதம் அது 120 மில்லிகிராமுக்கு மேல். மொத்த மருந்தில் எட்டில் ஒரு பங்கு. கழுவுகிற சிரமம் எதற்கு என்று செட்டையே கழற்றி எறிந்துவிட்டு, செஃப்ட்ரியாக்சோனுக்குப் புதுச் செட் போட்டோமானால், அந்த எட்டில் ஒரு பங்கு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மருத்துவர் எழுதியது ஆயிரம். நோயாளி பெற்றதோ எண்ணூற்றுச் சொச்சம். நாளை வலிப்பு மீண்டும் வந்தால், மருந்து பயனளிக்கவில்லை என்று வேறொரு மருந்தை நாடுவார்களேயன்றி, செட்டில் மிஞ்சியதை யாரும் நினைத்துப்பார்க்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. செட்டின் ஊசிவாயில் சிரிஞ்சைப் பொருத்தி, பத்து மில்லி சலைனைப் பத்து விநாடியில் தள்ளிவிட்டால், முன்னால் நின்ற 80 மில்லிகிராம் ஃபெனிடாயின் பத்து விநாடியில் சிரைக்குள் புகுந்துவிடுகிறது. நிமிஷக் கணக்கில் அது ஏறத்தாழ 500 மில்லிகிராம் வேகம். அனுமதித்த உச்ச வேகத்தைப்போல் பத்து மடங்கு. இரத்த அழுத்தம் சட்டென்று சரிவதும், இருதயத் துடிப்பு தாறுமாறாவதும் இவ்வேகத்தின் விளைவுகள். முப்பது நிமிஷம் துளி எண்ணிக் காத்த ஜாக்கிரதையெல்லாம் கடைசிப் பத்து விநாடியில் வீணாகிறது.

எனவே முறை இதுதான். பாட்டில் முற்றும் வற்றுமுன், காற்று இறங்க இடமளியாமல், அதே செட்டில் ஒரு நார்மல் சலைன் பாட்டிலை மாற்றிப் பொருத்த வேண்டும். வேகத்தை மாற்றாமல் அதே 80 துளியில் விட வேண்டும். முதல் நான்கு நிமிஷம் இறங்குவது இன்னும் மருந்துதான். அதன் பிறகு இறங்குவதே கழுவும் நீர். குழாயும் அதனோடு சேர்ந்த இணைப்புகளும் கொள்ளும் அளவைப்போல் இருமடங்காவது விட வேண்டும் என்பது பொது விதி. நம் கணக்கில் 30 மில்லி, ஏறக்குறைய எட்டு நிமிஷம். ஃபில்டர் பொருத்தியிருந்தால் இன்னும் சற்று அதிகம். அதன்பின் அச்செட்டைக் கழற்றி, த்ரீவேயின் அதே வாய் வழியாக இன்னொரு 10 மில்லி சலைன் செலுத்தியபின், 100 மில்லி சலைனில் கரைத்த செஃப்ட்ரியாக்சோனைத் தனிச் செட்டில் முப்பது நிமிஷம் விடலாம். முடிந்ததும் இதே கணக்கில் அதையும் கழுவ வேண்டும். அதன் பிறகே, மருத்துவர் வேண்டுமென்று சொல்லியிருந்தால், ஆர்.எல். மீண்டும் வரலாம்.

அதே வாய் வழியாக என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. த்ரீவேயின் பக்கக் கிளை ஒரு முட்டுச்சந்து போன்றது. பிரதான வீதியில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும் அதற்குள் தேங்கியது தேங்கியபடியே கிடக்கும். பக்க வாயில் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிரதானக் குழாயில் சலைன் ஓடுகிறதே, அதுவே கழுவிவிடும் என்றிருந்தால், அரை மில்லியளவு மருந்து அங்கேயே நின்று, அடுத்த மருந்தை அதே வாயில் செலுத்தும் நபரிடம் போய் அகப்படும். ஷிஃப்ட் மாறியிருந்தால், அவருக்கு முன்னே என்ன சென்றது என்பதே தெரிந்திராது.

எல்லாவற்றையும் சலைனால் கழுவிவிடலாம் என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆம்ஃபோடெரிசின் பி மருந்தைச் சலைன் திரித்துவிடும். அதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸே முன்னும் பின்னும் உரியது. அதற்கு முன்போ பின்போ சலைனில் கரைத்த மருந்து வருமானால், இடையில் டெக்ஸ்ட்ரோஸும் சலைனும் தத்தம் முறைப்படி ஓட வேண்டும். மருந்தைக் கரைக்க எந்தத் திரவம் உகந்ததோ அதுவே அதைக் கழுவவும் உகந்தது என்று நினைவில் வைத்தால் போதும்.

கழுவவே கூடாத குழாய்களும் உண்டு. நார்அட்ரினலின், டோபமின், இன்சுலின், பொட்டாசியம் முதலியவை நிதானமாக ஓடும் குழாயில் வேறொரு மருந்தைக் கொடுக்க எண்ணி ஃப்ளஷ் செய்தால், அக்குழாயில் நின்ற மருந்து ஒரே வீச்சில் உள்ளே போகும். அழுத்தம் எகிறுவதோ, சர்க்கரை சரிவதோ, இருதயம் பாதிக்கப்படுவதோ அம்மருந்தைப் பொறுத்தது. பின்னர் அடுத்த மருந்து ஓடும் நேரமெல்லாம் முன்பு ஓடிய மருந்து வராமலும் போகும். இத்தகைய மருந்துகளுக்குத் தனிக் குழாய் என்பதே விதி.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் மற்றோர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் பெற்ற குழந்தைகள் சிலர் இறந்து, அவர்களுடைய நுரையீரலிலும் சிறுநீரகங்களிலும் படிகங்கள் காணப்பட்டமையால், 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 2009இல் அது திருத்தப்பட்டபோது, 28 நாளுக்கு மேற்பட்டவர்களுக்கு, இடையில் குழாயை நன்றாகக் கழுவினால் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம் என்றனர். 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ, கால்சியம் கலந்த சிரைத் திரவம் தேவைப்படுமானால் செஃப்ட்ரியாக்சோனே ஆகாது என்றனர். இறந்த குழந்தைகளில் சிலருக்கு இரண்டும் வெவ்வேறு குழாய்களில், வெவ்வேறு வேளைகளில் கொடுக்கப்பட்டிருந்தன. ஆகவே அங்கே எவ்வளவு கழுவினாலும் பரிகாரமாகாது. மருந்தையே மாற்றும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் குழாயில் மங்கலோ, வெண்துகளோ, குமிழோ, நிறமாறுதலோ தென்படலாம். பம்ப் அடைப்பு என்று ஒலிக்கலாம். அப்போது இயல்பாக எழும் எண்ணம், சலைனைத் தள்ளி அடைப்பை நீக்குவது. அதைத்தான் செய்யலாகாது, அத்துகள்கள் நேரே நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போய்ச் சேரும். இரண்டு மருந்துகளையும் நிறுத்தி, நோயாளிக்கு மிக அருகே கிளாம்ப் போட்டு, செட்டைக் கழற்றிவிட்டு, வென்ஃப்ளானிலிருந்து உறிஞ்சி வெளியே எடுக்க முயல வேண்டும். இரத்தம் தாராளமாக வராவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிது போடுவதே முறை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஆக்சிஜன் அளவு குறைதல் ஆகியவற்றைக் கவனித்து, மருத்துவரை அழைத்து, கழற்றிய செட்டை எறியாமல் மருந்தகத்தாருக்காகப் பத்திரப்படுத்த வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரையும் நேரத்தையும் எழுதும் நாம், ஃப்ளஷ்ஷை எழுதுவதில்லை; எழுதப்படாத காரணத்தால் அடுத்த ஷிஃப்ட்டில் வருபவருக்குக் குழாயில் இருப்பது இன்னதென்று அறிய வழியில்லை. இனிமேல் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: “ஃபெனிடாயின் 1000 மி.கி. முடிந்தது, அதே செட்டில் என்.எஸ். 30 மில்லி, நிமிஷத்துக்கு 80 துளி, 9.10 முதல் 9.18 வரை, த்ரீவே பக்க வாயில் என்.எஸ். 10 மில்லி.” மருத்துவர் மருந்து எழுதும்போதே கழுவும் திரவத்தையும் அளவையும் எழுதும்படி கேளுங்கள், வார்டில் அதிகம் பயன்படும் பத்துப் பதினைந்து மருந்துகளுக்கான அட்டவணையை மருந்தகத்தாரிடம் கேட்டு வாங்கி, மருந்து கலக்கும் மேசைக்கு மேலே, காலிக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி ஒட்டிவையுங்கள்.

தங்கள் நலம் நாடும்,
ஓய்வு பெற்ற செவிலிய ஆசிரியை ஒருத்தி